வேர்க்குருவா, சீழ்க்கொப்புளமா?

வியர்வைக் குழாய் அடைபட்டு, வியர்வை தோலுக்குள்ளேயே கசிவதால் வருவது வேர்க்குரு. கழுத்து, முதுகு, இடுப்புப் பட்டி இறுக்கும் இடங்களில் ஊசிமுனை அளவுச் சிவப்புப் புள்ளிகள் கூட்டமாக எழும்பி, சுருக்கென்று குத்தும். இந்தப் புள்ளிகள் மயிர்க்கால்களைச் சுற்றி மட்டுமே வரும் என்றில்லை.

குளிர்ந்த நீரில் நனைத்த துணியை 10 முதல் 15 நிமிடம் வைத்து எடுங்கள். தேய்க்காமல் காற்றில் உலரவிட்டு, தளர்ந்த பருத்தி ஆடை அணியுங்கள். மின்விசிறிக் காற்று நேராகப் படட்டும். எண்ணெயும் கெட்டியான கிரீமும் அடைப்பைக் கூட்டும். பவுடரும் வியர்வையில் குழைந்து அப்பிக்கொள்ளும். வியர்வை நின்றால் பெரும்பாலும் சில நாளில் அடங்கிவிடும்.

சொறிந்த இடத்தில் மஞ்சள் சீழ், பரவும் சிவப்பு, தொட்டால் சூடு, வலி, காய்ச்சல் இருந்தால் அது கிருமித்தொற்றால் வந்த சீழ்க்கொப்புளமாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.