அண்ணன் தங்கச்சி சொத்து சண்டைக்கு ஜாதகம் பாக்குறப்ப நம்ம ஆளுங்க பண்ற தப்புங்க

"அண்ணன் மறுபடி பேசுவாரா?" இந்த ஒரு கேள்விக்குத்தான் பினாங்குலயும் கேஎல்லயும் நெறைய பேரு ஜாதகத்த தூக்கிட்டு வர்றாங்க. அப்பா போனப்புறம் வீட்டுப் பத்திரத்துல ஆரம்பிச்சு லாயர் லெட்டர் வரைக்கும் போயிட்டு, இப்ப மனசு கேக்காம வந்து நிப்பாங்க. பாக்குறவரு அவசரத்துல ஒண்ண சொல்லிடுறாரு, அதோட இருந்த கொஞ்சநஞ்ச உறவும் போயிடுது. ஜோசியம் உண்மையா பொய்யான்னு சண்ட போட வரல, பாக்குறதுன்னு முடிவு பண்ணிட்டா மரபுப்படி ஒழுங்கா பாக்கணும்ல, அத பத்திதான் எழுதுறேன்.

முதல் தப்பு நேரத்துல. மலேசியாவுல 1982 ஜனவரி 1க்கு முன்னாடி தீபகற்பத்துல கடிகாரம் கிரீன்விச்சுக்கு ஏழரை மணி நேரம்தான் முன்னாடி ஓடுச்சு, அப்புறம்தான் எட்டு மணி நேரம் ஆச்சு. இன்னிக்கு அம்பது வயசு தாண்டுனவங்களுக்கு போன் ஆப்ல பொறந்த நேரத்த போட்டு, டைம்சோன் எட்டுன்னு விட்டுட்டா கணக்கு அரை மணி நேரம் பின்னாடி போயிடும். நல்ல சாஃப்ட்வேர் தானா பாத்துக்கும், ஆனா எல்லா ஆப்பும் நல்ல ஆப் இல்ல, அதனால எந்த டைம்சோன் எடுத்திருக்குன்னு ஒரு தடவ பாத்துடுங்க. அரை மணி நேரம்னா லக்னம் ஏறக்குறைய ஏழு பாகை நகரும், ராசியோட ஓரத்துல இருந்தா லக்னமே மாறிடும். திசை இருப்பும் கொஞ்சம் மாறும், சுக்கிர திசையில பொறந்தவங்களுக்கு அஞ்சு மாசம் வரைக்கும்கூட.

ஒரு உதாரணம் சொல்றேன். 1976 ஆடி மாசம், பினாங்குல அதிகாலை ரெண்டே கால் வாக்குல பொறந்த ஒரு அக்கான்னு வச்சுக்குவோம். சரியான நேரத்துக்கு லக்னம் ரிஷபம் ஆரம்பத்துல விழுது, எட்டு மணி டைம்சோன் போட்டா மேஷம் கடைசிக்கு போயிடுது. அந்த சமயத்துல குரு ரிஷபத்துல, சனி கடகத்துல, செவ்வாய் சிம்மத்துல. இப்ப மூத்த சகோதரத்துக்கு லக்னத்துல இருந்து எண்ணி பதினொண்ணாம் இடம் பாக்கணும்ல, மேஷ லக்னத்துக்கு அது கும்பம், அதிபதி சனி நாலாம் இடத்துல, அதாவது வீடு நிலம் சொல்ற இடத்துல. ஜோசியக்காரர் என்ன சொல்வாரு? "உங்க அண்ணன் வீட்ட புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு, விட மாட்டாரு"ன்னுவாரு. சரியான ரிஷப லக்னத்துக்கு பதினொண்ணு மீனம், அதிபதி குரு லக்னத்துலயே இருக்காரு. உறவு அவங்க பக்கம் வர வழி இருக்குன்னு மரபு சொல்லும். குரு எட்டாம் அதிபதியும் ஆகுறதால மனக்கசப்போடதான் வரும், அது வேற. அரை மணி நேரத்துல ஒரு அண்ணன் திருடன் ஆயிட்டாரு பாருங்க.

அடுத்தது, மூணாம் இடத்த மட்டும் பாத்துட்டு "சகோதர ஸ்தானம் கெட்டுப்போச்சு"ன்னு முடிக்கிறது. மூணாம் இடம் தம்பி தங்கச்சிக்கு, அண்ணன் அக்காவுக்கு பதினொண்ணாம் இடம். நம்ம உதாரணத்துல மூணுல சனி இருக்காரு, அத பாத்து அண்ணன் உறவு முடிஞ்சதுன்னு சொன்னா கேள்வியே மாறிப்போச்சு. வந்த உடனே மொதல்ல கேக்க வேண்டியது சண்டக்காரரு மூத்தவரா இளையவரான்னுதான்.

செவ்வாய்தான் இந்த மாதிரி கேஸ்ல பெரிய குழப்பம், இதுல கொஞ்சம் நிக்கணும். அவரு சகோதர காரகன், பூமி காரகனும் அவரே. அதனால செவ்வாய் கடுமையா இருந்தா அது நிலத்துல வர்ற தகராறா, உறவே கெட்டதான்னு பிரிச்சு பாக்கணும், பாதி பேரு பிரிக்கிறதே இல்ல. இந்த அக்காவுக்கு செவ்வாய் நாலுல, நிலத்துக்கு உரிய இடத்துலயே. அங்கிருந்து எட்டாம் பார்வையா பதினொண்ண பாக்குறாரு. வீட்டு விஷயம் அண்ணன் மேல போய் அடிக்குதுன்னு படிக்கலாம். இன்னொண்ணு கவனிங்க, பதினொண்ணுல இருந்து எண்ணுனா நாலாம் இடம் ஆறாவதா வரும், ஆறு வழக்கு கடன் பகையோட இடம். இது எல்லா ஜாதகத்துக்கும் பொது. அதாவது குடும்ப வீடு மூத்தவருக்கு எப்பவுமே சண்டைக்கான இடமா நிக்குது, இது அவரோட கெட்ட குணம்னு அர்த்தம் இல்ல. அதனால சொல்ற வார்த்தை "உங்க அண்ணன் எதிரி"ன்னு இருக்கக் கூடாது, "வீட்ட பத்தி பேச்சு எடுக்குற வரைக்கும் இது எரியும், வீட்டுப் பேச்ச தனியா வச்சுட்டு உறவ தனியா தொடுங்க"ன்னு இருக்கணும்.

அப்புறம் கோச்சாரத்த, அதாவது கிரகம் இப்ப நகர்ற இடத்த மட்டும் பாத்து தேதி குடுக்குறது. திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2026 ஜூன் ஆரம்பத்துல குரு கடகத்துக்கு வர்றாரு, உச்சம், ரிஷப லக்னத்துக்கு மூணாம் இடம், ஒன்பதாம் பார்வையா மீனத்த, அதாவது அண்ணன் இடத்த பாக்குறாரு. ஆனா மீனத்துல சனியும் இருக்காரு. ஆக அந்த நாலஞ்சு மாசம் கதவ தட்ட ஏத்த காலம், தொறக்க நேரமாகும்னு சொல்லலாம். திசை புத்தி பாக்காம இத மட்டும் வச்சு "ஜூலை பதினஞ்சுக்குள்ள போன் வரும்"னு சொன்னா அந்த அக்கா போன பாத்துக்கிட்டே உக்காந்திருப்பாங்க, பதினாறாம் தேதி அழுவாங்க. வாக்கியப் பஞ்சாங்கம் பாக்குறவங்களுக்கு பெயர்ச்சித் தேதி வேறயாத்தான் வரும், அதையும் சொல்லிடுங்க.

அண்ணன் மனசுல என்ன இருக்குன்னு சொல்றதும் வேணாம். அவரு ஜாதகம் உங்க கையில இல்ல, தங்கச்சி கட்டத்துல தெரியிறது தங்கச்சியோட பங்குதான். இதுல ரொம்ப மோசம் "அண்ணி எதோ வச்சுட்டாங்க, செய்வினை"ன்னு சொல்றது. நாளைக்கு சேந்தாலும் அண்ணி கையால தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டாங்க. ஆயிரக்கணக்குல ரிங்கிட் வாங்கிட்டு பரிகாரம் பண்றவங்க இத சொல்லித்தான் ஆரம்பிக்கிறாங்க, கேட்டா எந்திரிச்சு வந்துடுங்க.

கேஸ் விஷயத்துலயும் கை வைக்கக் கூடாது லா. நிலத்த கை மாத்த விடாம தடுக்க அது மேல கேவியட் போட்டிருந்தா, "குரு பாக்குறாரு, எடுத்துடுங்க, அண்ணன் மனசு எளகும்"னு சொல்றவங்க இருக்காங்க. எடுத்தா வீடு கை மாறலாம், அப்ப சமாதானமும் இல்ல வீடும் இல்ல. கேவியட் எடுக்குறதா, பங்க எப்படி பிரிக்கிறதுன்னு லாயர்தான் சொல்லணும், உயில் இல்லாம போன அப்பாவோட சொத்துக்கு 1958ஆம் வருஷத்து பங்கீட்டுச் சட்டம் இருக்கு, அது நவகிரகம் பாத்து பிரிக்காது. ஜாதகம் பாத்து சொல்லக் கூடியது பேச்ச எப்ப, எத வச்சு ஆரம்பிக்கிறதுன்னு அவ்வளவுதான். இந்த அக்காவுக்கு ஆடி அமாவாசை பொருந்துது, 2026ல அது ஆகஸ்ட் மாசம், குரு கடகத்துல இருக்கிறப்பவே வருது. "அண்ணே, அப்பாவுக்கு படையல் போடுறோம், முடிஞ்சா வாங்க"ன்னு வாட்சப்புல ஒரு வரி போதும், வீடு, சாவி, லாயர்னு ஒரு வார்த்தை வரக் கூடாது, பதில் வரலன்னா ரெண்டாவது மெசேஜ் போட்டு ஏன்னு கேக்கவும் கூடாது.