குழாய் கசிந்தது, நான் தூங்கிக்கொண்டிருந்தேன்

நான் இருப்பது வெளிநாட்டில். ஊரில் வாடகைக்கு விட்டிருக்கும் என் வீட்டில் கழுவுதொட்டிக்குக் கீழே குழாய் கசிந்த இரவில், குடியிருப்பவர் என் அனுமதிக்காகக் காலைவரை காத்திருந்தார். அலமாரிப் பலகை ஊறி உப்பிவிட்டது. தப்பு என்னுடையதுதான், எதையும் எழுதித் தரவில்லையே.

அப்புறம் கடிதம் எழுதினேன்: "தண்ணீர், மின்சாரக் கோளாறு என்றால் முதலில் இணைப்பை நிறுத்துங்கள், பிறகு சொல்லுங்கள். மாத வாடகையில் கால் பங்குக்குள் அடங்கும் பழுதைக் கேட்காமலே சரிசெய்து, ரசீதும் படமும் அனுப்பி அடுத்த வாடகையில் கழித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் என் தம்பி முடிவு செய்வான். வாடகைப் பணத்தை மட்டும் அவனிடம் தர வேண்டாம்."

முன்பு வாடகை என் வெளிநாட்டுக் கணக்குக்கு வந்தது. இடையிலுள்ள வங்கி கட்டணம் பிடித்ததில் மாதாமாதம் கொஞ்சம் குறைந்தது. பாவம், அவரைச் சந்தேகப்பட்டேன். இப்போது உள்ளூர்க் கணக்குக்கே வருகிறது, குறிப்பில் மாதத்தின் பெயரோடு.