ஆறு வருட இடைவெளிக்கு மூன்று வாக்கியப் பதில்

2017 தொடக்கத்தில் பிரசவத்துக்காக அக்கவுண்ட்ஸ் வேலையை விட்டேன். அந்த ஜூலையில் ஜிஎஸ்டி வந்துவிட்டது. 2023-ல் நேர்காணலுக்குப் போனால், "ஆறு வருஷம் என்ன செஞ்சீங்க?" என்பதிலேயே பேச்சு நின்றுவிடும்.

கேட்பவர்களுக்கு இரண்டே சந்தேகம்: இவருக்கு ஜிஎஸ்டி தெரியுமா, மறுபடி நின்றுவிடுவாரா? அதனால் முதலில் தெரிந்தவரின் ஹார்டுவேர் கடைக்குச் சில மாதம் டேலியில் கணக்கு எழுதினேன். பயோடேட்டாவில் இடைவெளியை ஒளிக்காமல் "குழந்தை வளர்ப்பு" என்று ஒரு வரி, அதன் கீழே இந்தக் கடை வேலை.

அடுத்த நேர்காணலில் சொன்னது இவ்வளவுதான்: "மகனுக்கு அடிக்கடி மூச்சுத் திணறல் வந்ததால் வீட்டில் இருந்தேன். இப்போது பள்ளிக்குப் போகிறான், மாலையில் என் அம்மா பார்த்துக்கொள்கிறார். சமீபத்தில் ஒரு கடைக்கு ஜிஎஸ்டி கணக்கு பார்த்தேன், அதில் ஒரு பில் சிக்கலைத் தீர்த்தேன்."

அதோடு நிறுத்திவிட்டேன். மௌனம் கொஞ்சம் சங்கடம்தான், ஆனால் அதை நிரப்பப் போனால்தான் குடும்பக் கதை நீளும். "என்ன சிக்கல்?" என்றார் ஒருவர். சப்ளையர் தன் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1-ஐ 11-ம் தேதிக்குப் பிறகு தாக்கல் செய்ததால், அவர் பில் வாங்குபவருக்கு வரும் 2பி பட்டியலில் அந்த மாதம் வரவில்லை. சரக்கு வாங்கும்போது கட்டிய உள்ளீட்டு வரியை அடுத்த மாதம் கழித்துக்கொண்டோம் என்று விளக்கினேன். மீதி நேரம் முழுக்க ஜிஎஸ்டிதான்.

வேலை கிடைத்தது. சம்பளம் கேட்டதைவிடக் குறைவு. ஆறு மாதத்தில் மறுபரிசீலனை என்று ஆஃபர் லெட்டரில் எழுதி வாங்கினேன்.