மின்சார ரயிலில் தினமும் போகிறவர் வாங்க வேண்டியது வயர் இயர்போனா, இயர்பட்ஸா?

நான் கூடுவாஞ்சேரியில் ஏறி பார்க் ஸ்டேஷனில் இறங்குகிறவன். ஒரு வழிக்கு ஒரு மணி ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால், வாரம் ஆறு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் காதில் ஏதோ ஓடுகிறது. இந்தக் கணக்கை முதலில் உங்கள் பயணத்துக்குப் போட்டுப் பாருங்கள். கூடவே, உட்கார்ந்து போகிறீர்களா, வாசல் பக்கம் நெரிசலில் நின்று போகிறீர்களா என்பதையும் ஒரு வாரம் கவனித்து எழுதிவையுங்கள். கடைசியில் முடிவைத் தீர்மானிப்பது அதுதான்.

முதலில் சத்தம்

வீட்டில் அருமையாகக் கேட்கும் இயர்போன் ரயிலில் ஏன் சப்பென்று ஆகிறது? ஜன்னலும் கதவும் திறந்திருக்கும் பெட்டியில், சக்கரமும் மோட்டாரும் போடும் அடித்தொண்டை இரைச்சல் பாட்டின் பேஸை விழுங்கிவிடுகிறது. உடனே நாம் வால்யூமை ஏற்றுகிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். என் பயணத்துக்கு அந்த நான்கு மணி நேரம் செவ்வாய்க்கிழமை மாலையிலேயே தீர்ந்துவிடும்.

அதனால் வயரா ப்ளூடூத்தா என்று பார்ப்பதற்கு முன்னால், காதை அடைக்கிற சிலிகான் முனை சரியாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள். பேஸ் உள்ள பாட்டு ஒன்றைப் போட்டு, இயர்போனை விரலால் மெதுவாக உள்ளே அழுத்துங்கள். அழுத்தும்போது பேஸ் கூடினால் முனை சிறியது என்று அர்த்தம், அடுத்த அளவுக்கு மாற்றுங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்பதில்லை, எனக்கு இடதில் நடுத்தரம், வலதில் பெரியது.

இயர்பட்ஸில் ஏ.என்.சி. என்று ஒரு வசதி சொல்வார்கள். சீராக ஓடும் உறுமலை அது நன்றாகவே குறைக்கும், ஆனால் ஹாரனையும் பக்கத்து சீட்டுப் பேச்சையும் அவ்வளவாகக் குறைக்காது. முனை பொருந்தாவிட்டால் ஏ.என்.சி. இருந்தும் பெரிதாகப் பயனில்லை.

அப்புறம் பேட்டரி

வயருக்கு இந்தக் கவலையே இல்லை. ஆனால் உங்கள் போனில் 3.5 மி.மீ. ஜாக் இருக்கிறதா? இல்லையென்றால் டைப்-சி இயர்போன் வாங்க வேண்டும். எல்லா டைப்-சி இயர்போனும் எல்லாப் போனிலும் வேலை செய்யாது, அதனால் போனைக் கடைக்கே எடுத்துப்போய்ச் செருகிப் பார்த்து வாங்குங்கள். பாட்டுக் கேட்கும்போது சார்ஜ் போட முடியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

இயர்பட்ஸுக்கு ஐந்து மணி நேரம் வரும் என்று பெட்டியில் போட்டிருந்தால், அது பெரும்பாலும் ஏ.என்.சி. இல்லாமல், பாதி வால்யூமில் எடுத்த கணக்கு. ரயிலில் நாலு மணி நேரம் வந்தாலும் போதும், ஆபீஸ் போனதும் கேஸில் போட்டால் மாலைக்குள் நிரம்பிவிடும். தொல்லை இரண்டு வருஷம் கழித்துத்தான் வரும். உள்ளே இருப்பது மிகச் சிறிய லித்தியம் பேட்டரி, சாதாரணமாக மாற்றித் தரமாட்டார்கள். ஒரு பக்கம் மட்டும் பாதி வழியில் அணைய ஆரம்பித்தால் அதன் ஆயுள் முடிகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

தொலையும் கணக்கு

1,500 ரூபாய் இயர்பட்ஸ் இரண்டு வருஷம் உழைத்தால் மாதம் 62 ரூபாய் சொச்சம். ஆறாவது மாதத்தில் ஒன்று தண்டவாளத்தில் விழுந்தால் மாதம் 250 ரூபாய். 500 ரூபாய் வயர் இயர்போன் பத்து மாதத்தில் அறுந்தாலும் மாதம் 50 ரூபாய்தான்.

விழுவது பெரும்பாலும் கழற்றும்போதுதான். என்னுடையது அப்படித்தான் போனது, இறங்கும் நெரிசலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மற்ற கையால் கழற்றியபோது நழுவி, பிளாட்பாரத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் விழுந்துவிட்டது. போனில் தேடினால் கடைசியாக இணைப்பில் இருந்த இடத்தைத்தான் காட்டும், ஒலிக்க வைக்கவும் ப்ளூடூத் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அதனால் இப்போது சேத்துப்பட்டு வந்ததுமே, நின்ற இடத்திலேயே இரண்டையும் கழற்றி, கேஸில் போட்டு மூடி, பேன்ட் பையில் வைத்துவிடுகிறேன். இறங்கித் தண்டவாளப் பக்கம் நடக்கும்போது காது திறந்திருப்பது உயிருக்கும் நல்லது.

வயர் தொலையாது, ஆனால் அறுந்துபோகும், அதுவும் ஜாக்கை ஒட்டிய இடத்தில். வயரை அங்கே வளைக்கும்போது ஒரு காது விட்டுவிட்டுக் கேட்டால் உள்ளே கம்பி போய்விட்டது. எல் வடிவ ஜாக் உள்ளதாக வாங்கி, வயரைச் சட்டைக்குள் விட்டு, காதின் மேல்புறமாகச் சுற்றிப் போடுங்கள். அடுத்தவர் பை ஜிப்பில் மாட்டாது, துணியில் உரசும் சரசர சத்தமும் குறையும்.

என் முடிவு இதுதான்: காலையில் நின்றுகொண்டு போகிறவர், போனில் ஜாக்கும் இருந்தால், வயரே வாங்குங்கள். ஏறும் ஸ்டேஷனிலேயே சீட் கிடைக்கிறது, வழியில் அழைப்புகளும் நிறைய வரும் என்றால் இயர்பட்ஸ் சரி. நின்றுதான் போக வேண்டும், ஜாக்கும் இல்லை என்றால் நெக்பேண்ட் பாருங்கள், காதிலிருந்து நழுவினாலும் கழுத்தில் தொங்கும்.