டாக்ஸ் ரீஃபண்ட் வட்டியோட வந்துச்சா? என்ட்ரியை ரெண்டா உடைங்க

பேங்க்ல ஒரே தொகையா 41,200 வந்திருக்கும், அதை அப்படியே வருமானத்துல தூக்கிப் போட்டா லாபம் சும்மாவே ஏறிடும், ஏன்னா அதுல 40,000 நீங்க அதிகமா கட்டின உங்க சொந்தப் பணம். மீதி 1,200 மட்டும்தான் வருமானம். எவ்வளவு வட்டின்னு நீங்களா கணக்குப் போட வேணாம், வரித்துறை அனுப்புற ஆர்டர்ல தனியா இருக்கும், அதை எடுத்துக்கோங்க.

என்ட்ரி இப்படி: பேங்க் டெபிட் 41,200, வரவேண்டிய டாக்ஸ் ரீஃபண்ட் கிரெடிட் 40,000, ரீஃபண்ட் வட்டி வருமானம் கிரெடிட் 1,200. வட்டிக்கு தனி லெட்ஜர் வைங்க, அடுத்த ரிட்டர்ன் போடும்போது தேட வேண்டியிருக்காது.

சரியா போட்டீங்களான்னு பார்க்க, ரீஃபண்ட் லெட்ஜரைத் திறங்க, பேலன்ஸ் பூஜ்யமா இருக்கணும். 1,200 கிரெடிட்ல நின்னா வட்டியையும் அங்கேயே போட்டுட்டீங்கன்னு அர்த்தம். டெபிட்ல ஏதாவது மிச்சம் இருந்தா பழைய பாக்கிக்கு கழிச்சிருக்கலாம், உடனே நஷ்டம்னு எழுதித் தள்ளாம ஆர்டரைப் பாருங்க.

தனி ஆள் பிசினஸ்னா, உங்க சொந்த வருமான வரி ரீஃபண்ட் பிசினஸ் அக்கவுண்ட்ல விழுந்தாலும் வட்டியோட சேர்த்து மொத்தமும் கேப்பிட்டல்லதான் போகணும்.