ஆத்தங்குடி டிசைன் பேக் கவர்: விற்பனைக் குறிப்பைக் கெடுக்கும் தவறுகள்

காரைக்குடியில் இருந்துகொண்டு ஆத்தங்குடிக் கல் டிசைன் போட்ட பேக் கவரை ஆன்லைனில் விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வெறும் கவர் மொத்த வியாபாரியிடமிருந்து வருகிறது. அதே கவரைத்தான் இன்னும் நூறு பேர் வாங்கி, மயிலோ பூவோ அச்சடித்து விற்கிறார்கள். பலருடைய குறிப்பும் இப்படித்தான் இருக்கும்:

"ரெட்மி 12 பிரீமியம் குவாலிட்டி ஸ்டைலிஷ் டிரெடிஷனல் செட்டிநாடு டிசைன் ஷாக் ப்ரூஃப் மிலிட்டரி கிரேடு பேக் கவர்."

இதில் முதல் தவறு, போன் பெயரை அரைகுறையாக விட்டது. இந்தியாவில் ரெட்மி 12 என்ற பெயரில் 4ஜி, 5ஜி என இரண்டு போன்கள் 2023 ஆகஸ்டில் ஒன்றாக வந்தன. 4ஜி போனின் பின்புறம் மூன்று கேமரா, 5ஜி போனில் இரண்டு. கேமராவுக்குத் தனித்தனி ஓட்டை உள்ள கவர் ஒன்றுக்குப் பொருந்தினால் மற்றதற்குப் பொருந்தாது. வாங்குபவருக்குத் தன் போன் எது என்றே பல நேரம் தெரியாது. அதனால் "பின்னால் இரண்டு கேமரா உள்ள ரெட்மி 12 5ஜிக்கு மட்டும், மூன்று கேமரா இருந்தால் இது பொருந்தாது" என்று எழுதிவிடுங்கள். தேடலில் வரட்டுமே என்று பத்து மாடல் பெயரைத் தலைப்பில் அடுக்குபவர்களுக்கு, பொருந்தாத கவர்தான் ரிட்டர்னாகத் திரும்பி வரும்.

அடுத்தது "மிலிட்டரி கிரேடு". இந்த வார்த்தைக்குப் பின்னால் இருப்பது MIL-STD-810 என்ற அமெரிக்க ராணுவச் சோதனை முறை. அதன்படி சோதித்துவிட்டோம் என்று தயாரிப்பாளரே சொல்லிக்கொள்ளலாம். ராணுவம் யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை. சோதனை அறிக்கை கையில் இல்லாமல் இதைப் போடுவது வெறும் பொய். அதற்குப் பதிலாகக் கவரை நீங்களே அளக்கலாம். கவரைப் போட்டுப் போனைத் திரை மேலே இருக்கும்படி வைத்து, இரு பக்க விளிம்புகளின் மேல் ஒரு ஸ்கேலைக் குறுக்கே வையுங்கள். திரைக்கும் ஸ்கேலுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழைந்தால், விளிம்பு திரையைவிட உயரமாக இருக்கிறது என்று அர்த்தம். புரட்டி வைத்து, கேமரா ஓட்டையின் மேலும் ஸ்கேலை வைத்து, அது கேமராவில் படாமல் நிற்கிறதா என்று பாருங்கள். மூலையின் தடிமனை வெர்னியர் வைத்துப் பார்த்து எழுதுங்கள். "ஷாக் ப்ரூஃப்" என்பதை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். "மூலை இத்தனை மில்லிமீட்டர், கவிழ்த்து வைத்தால் திரை மேஜையில் படாது" என்று எழுத, கவரைக் கையில் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

அச்சு விஷயத்தில்தான் அதிகமாக ஏமாற்றம் வருகிறது. கம்ப்யூட்டரில் தயாரித்த படத்தில் டிசைன் ஓரம் வரை சுற்றி வந்திருக்கும். ஆனால் தட்டையாக வைத்து யுவி பிரிண்ட் அடித்தால் முதுகில் மட்டும்தான் மை விழும். பக்கங்கள் கறுப்பாகவே நிற்கும். இதைக் குறிப்பில் சொல்லாமல் விட்டால் "படத்தில் ஒன்று, வந்தது ஒன்று" என்று ரிவியூ வரும், அது நியாயம்தான். மை மேற்பரப்பில் இருப்பதால் சாவி, சில்லறையோடு பையில் போட்டால் ஓரம் உரியலாம்; அதையும் ஒரு வரியில் எழுதுங்கள். கண்ணாடி போன்ற டிபியூ கவர் என்றால் வெயிலிலும் சூட்டிலும் நாளடைவில் மஞ்சளாகும் என்பதை மறைக்க வேண்டாம்.

அப்புறம், "டிரெடிஷனல் செட்டிநாடு டிசைன்" என்பது நம் ஊர்க்காரனுக்கே எதையும் காட்டாது. ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடித் தட்டின்மேல் பித்தளை அச்சு வைத்து, கலர் சிமெண்டை ஊற்றிக் கையால் செய்கிறார்கள். நீங்கள் விற்பது அந்தக் கல் இல்லை, அதன் படம். படம் எந்தக் கல்லுடையது, என்னென்ன நிறம், முதுகில் எத்தனை கட்டம் என்பதைச் சொல்லலாமே. "கைவினைப் பொருள்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கண்டாங்கிச் சேலைக்கும் இதே கதைதான், இன்னும் கவனம் வேண்டும்: காரைக்குடி கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கவரில் "கண்டாங்கிக் கட்டம் போன்ற அச்சு" என்று எழுதுவதே சரி.

மேலே பார்த்த குறிப்பையே திருத்தினால் இப்படி வரும்:

"ரெட்மி 12 5ஜி பேக் கவர் (பின்னால் இரண்டு கேமரா). ஆத்தங்குடித் தரைக்கல் படம்: சிவப்பும் மஞ்சளும், நடுவில் எட்டிதழ்ப் பூ, முதுகில் ஆறு கல். பக்கங்கள் கறுப்பு, அவற்றில் அச்சு இல்லை. மூலை 2 மி.மீ. தடிமன். கவிழ்த்து வைத்தால் திரை மேஜையில் படாது. சாவியோடு ஒரே பையில் போட்டால் அச்சின் ஓரம் உரியலாம்."

போனில் பார்க்கும்போது தலைப்பின் முதல் சில வார்த்தைகள்தான் தெரியும். அதனால் மாடலும் கல்லின் நிறமும் முன்னால் வரட்டும். உங்கள் கடைப் பெயர் கடைசியில் போனால் போதும்.

இன்னொன்று: மொத்த வியாபாரி அடுத்த லோடில் வேறு அச்சில் வார்த்த கவரை அனுப்பக்கூடும். பெட்டியைப் பிரித்ததும் ஒன்றை எடுத்துத் திரும்ப அளந்து, எண் மாறியிருந்தால் குறிப்பையும் அன்றே மாற்றிவிடுங்கள்.