அறிவுரைப் பேச்சை அனுபவப் பேச்சாக மாற்றுவது எப்படி? ஒரு குரூப் 4 பேச்சை வைத்துப் படிப்படியாக

கடலூர் மஞ்சக்குப்பத்தில் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளிடம் பேச வரச்சொல்லி, எனக்குத் தெரிந்த தங்கை ஒருத்தியைக் கூப்பிட்டிருந்தார்கள். நெல்லிக்குப்பத்துப் பெண். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே படித்து, மூன்றாவது முறை தேர்வாகி, இப்போது இளநிலை உதவியாளராக இருக்கிறாள். எழுதி வைத்திருந்ததை என்னிடம் காட்டி, "அக்கா, இது எப்படி இருக்கு பாருங்க" என்றாள். முதல் பத்தி இது:

"அன்பார்ந்த மாணவ மணிகளே! தோல்வியே வெற்றியின் முதல் படி. நாம் நேரத்தை வீணடிக்கக் கூடாது. கைப்பேசியைத் தூக்கி எறியுங்கள். பெற்றோரின் கஷ்டத்தை எண்ணிப் பாருங்கள். விடாமுயற்சி இருந்தால் வானமும் வசப்படும். உங்களால் முடியும்!"

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இவள் வாழ்ந்த வாழ்க்கையில் ஒரு நாள்கூட இதில் இல்லை. தேர்வே எழுதாதவரும் இதே பத்தியைப் பேசிவிடலாம். கேட்கப்போகிறவர்களோ இவளைவிட ஓரிரண்டு வயது இளையவர்கள். சிலர் மூத்தவர்களாகவும் இருப்பார்கள். அவர்கள் முன்னால் இவள் நிற்க வேண்டியது கூடவே படித்த ஒருத்தியாக. இந்தப் பத்தி அவளை நேராகத் தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார வைக்கிறது.

இதை நாங்கள் எப்படி மாற்றினோம் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் கையில் இருக்கும் பேச்சுக்கும் இப்படியே செய்து பார்க்கலாம்.

படி 1: கட்டளைகளுக்கு அடிக்கோடு போடுங்கள்

பேச்சைத் தாளில் எழுதி அல்லது அச்செடுத்து, கையில் ஒரு சிவப்புப் பேனா வைத்துக்கொள்ளுங்கள். 'வேண்டும்', 'கூடாது', 'செய்யுங்கள்', 'செய்யாதீர்கள்' என்று முடியும் வாக்கியங்கள் எல்லாவற்றுக்கும் அடிக்கோடு போடுங்கள். அடுத்து 'நாம்' வரும் இடங்களை வட்டமிடுங்கள். "நாம் நேரத்தை வீணடிக்கக் கூடாது" என்று மேடையிலிருந்து ஒருவர் சொன்னால், அந்த 'நாம்' உண்மையில் 'நீங்கள்'தான். கேட்பவர்களுக்கு அது உடனே தெரிந்துவிடும். கடைசியாக, யார் வாயிலும் வரக்கூடிய பொன்மொழி வரிகளுக்கு ஒரு நட்சத்திரம். இவளுடைய பத்தியில் எந்தக் குறியும் விழாமல் தப்பிய ஒரே வரி விளிப்பு வரி. அதுவும் பிறகு போய்விட்டது.

படி 2: ஒவ்வொரு கோட்டுக்கும் "இதை எழுத வைத்தது எது?" என்று கேளுங்கள்

வேலையில் பெரும்பகுதி இங்கேதான். அறிவுரை வரி ஒவ்வொன்றுக்கும் அடியில் ஏதோ ஒரு நிகழ்ச்சி புதைந்திருக்கும். அதைத் தோண்டி எடுத்தால் அறிவுரையை விட்டுவிடலாம். தோண்டியும் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் அந்த வரி கடன் வாங்கியது, அடித்துவிடுங்கள். தனியாக உட்கார்ந்து இதைச் செய்வது கடினம். ஒருவர் கேட்க, மற்றவர் பதில் சொல்ல, அந்தப் பதிலைக் கைப்பேசியில் பதிவு செய்வது நல்லது. பேச்சுக்கு வேண்டிய வாசகம் பெரும்பாலும் அந்தப் பதிவிலேயே கிடைத்துவிடும்.

'நேரத்தை வீணடிக்கக் கூடாது' என்ற வரியில் தொடங்கினேன். "உனக்கு எப்போ நேரம் இருந்தது?" என்று கேட்டேன். "எங்கக்கா நேரம்? கடை சாத்தி, பஸ் புடிச்சி வீட்டுக்குப் போக பத்தாயிடும். கால் வீங்கிப்போயிருக்கும். வெந்நீர்ல உப்பு போட்டு காலை வெச்சிக்கிட்டு புக்கைத் தொறப்பேன். அப்படியே தூங்கிடுவேன். ராத்திரி படிக்கிறதுன்றது எனக்கு நடக்கவே இல்ல." பிறகு எப்படித்தான் படித்தாய் என்றேன். கடையில் வீணாகிப்போன பில் தாள்களின் பின்பக்கத்தில் இலக்கணக் குறிப்பு எழுதி வைத்துக்கொண்டு, காலையில் பஸ்ஸில் போகும்போது படித்திருக்கிறாள். உட்கார இடம் கிடைக்காத நாளிலும் ஒரு கையில் கம்பி, ஒரு கையில் பில் தாள்.

உப்புத் தண்ணீரும் பில் தாளும் போதும். நேரத்தைப் பற்றி இனி அவள் ஒரு வார்த்தைகூடச் சொல்ல வேண்டியதில்லை.

'கைப்பேசியைத் தூக்கி எறியுங்கள்' வரியில் வேறொன்று வெளிப்பட்டது. அவள் தூக்கி எறியவே இல்லை. பழைய வினாத்தாள்களைப் பார்த்ததே அதில்தான். வீடியோ பார்க்கும் செயலி ஒன்றை நீக்குவாள், மறுபடி போடுவாள், மறுபடி நீக்குவாள். தேர்வு வரைக்கும் அப்படியேதான் போயிருக்கிறது. தான் செய்யாததை மற்றவர்களுக்குச் சொல்லும் வரி என்பதால் அது அப்போதே போனது. நீக்கிப் போட்டு நீக்கிய கதையை வைத்துக்கொண்டோம். எதிரே இருப்பவர்களில் பலர் அதையேதான் செய்துகொண்டிருப்பார்கள்.

'பெற்றோரின் கஷ்டம்' வரிக்கு அடியில் அப்பாவின் கடன் விஷயம் இருந்தது. அதைப் பேச்சில் சேர்க்க வேண்டாம் என்றேன். அந்தக் கதை அப்பாவுடையது. அவரைக் கேட்காமல் மேடையில் வைக்கக் கூடாது. அனுபவத்தைச் சொல்வது என்றால் வீட்டில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுவது என்று சிலர் நினைக்கிறார்கள். கேட்பவருக்குப் பயன்படாத துயரம் அவரைச் சங்கடப்படுத்தும், அவ்வளவுதான்.

படி 3: என்ன மாறியது என்பதைத் துல்லியமாகச் சொல்லுங்கள்

'விடாமுயற்சி' என்ற சொல்தான் இந்த மாதிரிப் பேச்சுகளில் பெரிய மூடி. மூன்று முறை எழுதினாள் என்பது சரி. முதல் இரண்டு முறையும்தான் முயற்சி இருந்தது. மூன்றாவது முறை எது வேறாக இருந்தது?

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். குரூப் 4-இல் 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தமிழ் 100, பொது அறிவு 75, கணக்கும் திறனறிவும் 25. முதல் இரண்டு தடவையும் வினாத்தாள் வரிசைப்படியே போய், கணக்கைக் கடைசியில் வைத்திருக்கிறாள். அங்கே வந்து சேரும்போது நேரம் இருக்காது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு வட்டங்களைக் கறுப்பாக்கிவிட்டு வந்திருக்கிறாள். இரண்டாம் முறை தேர்வாணையம் வெளியிட்ட உத்தேச விடைகளை வைத்து, வினாத்தாளில் குறித்து வந்ததைச் சரிபார்த்தபோதுதான் மதிப்பெண் போனது கணக்கில்தான் என்று தெரிந்திருக்கிறது. 25 கேள்வி என்றால் முப்பத்தேழரை மதிப்பெண். விட்டதெல்லாம் அவளுக்குத் தெரிந்த கணக்குகள்தான். மூன்றாவது முறை கணக்கை முதலில் முடித்துவிட்டுத் தமிழுக்குப் போனாள்.

பேச்சின் நடு இடத்துக்கு இது வந்தது. சக மனிதரின் அனுபவத்துக்கு மதிப்பு வருவதே இப்படி ஒரு விவரத்தால்தான். கேட்பவர் அதை எடுத்துக்கொள்ளலாம், விடவும் செய்யலாம். "எனக்கு இது ஒத்துவந்தது, தமிழ்லயே தடுமாறுறவங்களுக்கு இது சரிவராம போகலாம்" என்று எல்லையையும் சேர்த்தே சொல்லச் சொன்னேன். தமிழ்ப் பகுதியில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள் அல்லவா.

படி 4: உங்களுக்குச் சாதகமாக இருந்ததை மறைக்காதீர்கள்

தேர்வுக்கு முந்தைய மாதம் கடை முதலாளி சம்பளம் பிடிக்காமல் சீக்கிரம் அனுப்பியிருக்கிறார். அத்தை வீட்டில் ஓர் அறை காலியாக இருந்தது. இதை அவள் எழுதவே இல்லை. எழுதினால் தன் உழைப்பு சிறிதாகத் தெரியும் என்ற பயம். எழுதாவிட்டால், அறையும் இல்லாமல் விடுப்பும் இல்லாமல் தோற்றுப்போன ஒரு பெண், குறை தன்னிடம்தான் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள். ஒரே வாக்கியம் போதும், ஆனால் அது இருந்தாக வேண்டும்.

படி 5: வாயால் எழுதுங்கள்

பதிவு செய்ததைக் கேட்டு, அவள் சொன்னபடியே எழுதினோம். 'எண்ணிப் பாருங்கள்', 'வானமும் வசப்படும்' எல்லாம் மேடைத் தமிழ். பேசும்போது குரல் தானாக உயர்ந்துவிடும். அதற்காக 'மச்சி', 'செம' என்று வராத பாஷையை இழுத்துக்கொண்டு வரவும் வேண்டாம். வீட்டில் தம்பி தங்கையிடம் பேசும் தமிழ் போதும். மாற்றிய தொடக்கம் இப்படி வந்தது:

"வணக்கம். நான் நெல்லிக்குப்பம். மூணு தடவை எழுதினேன். ரெண்டாவது ரிசல்ட் வந்த மறுநாள் வழக்கம்போல கடைக்குப் போயி புடவை மடிச்சிக்கிட்டு இருந்தேன். யாருகிட்டயும் சொல்லல. பண்ருட்டில ஒரு கல்யாணம், அதுக்கும் போகல. 'இந்தத் தடவையும் இல்லையா'ன்னு கேப்பாங்கன்னு. அடுத்த ஒரு மாசம் புக்கையே தொடல. அப்புறம் ஒருநாள் வினாத்தாளை எடுத்து, எங்கதான் போச்சுன்னு பார்த்தேன்."

அங்கிருந்து நேராகக் கணக்குக்குப் போய்விடலாம். 'தோல்வியே வெற்றியின் முதல் படி' இருந்த இடத்தில் இப்போது மடித்த புடவை இருக்கிறது.

எங்கே வழுக்கும்

பெரும்பாலும் கடைசிப் பத்தியில். கதையை நன்றாகச் சொல்லிவிட்டு, "ஆகவே தோழர்களே, இதிலிருந்து நாம் தெரிந்துகொள்வது" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அதுவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மறுபடி மேடை ஏறிவிடுகிறார். இவளும் ஏறினாள். அந்த நான்கு வரியை எடுத்துவிட்டு, "என் பழைய வினாத்தாளெல்லாம் கொண்டாந்திருக்கேன். வேணும்னா பின்னாடி வந்து பாருங்க" என்று முடிக்கச் சொன்னேன்.

அடுத்தது, பணிவு வேடத்தில் வரும் பெருமை. "நான் சாதாரணப் பொண்ணுதான், ஆனா ஒருநாள்கூட நாலு மணிநேரத்துக்கு மேல தூங்கினதில்ல" என்ற வரி ஓரிடத்தில் நுழைந்திருந்தது. இவளோ புத்தகத்தைத் திறந்ததும் தூங்கியவள். நடக்காததை நடந்ததாகச் சொன்னால், கேள்வி நேரத்தில் ஒரு பிள்ளை "எத்தனை மணிக்கு அக்கா எழுந்திருப்பீங்க?" என்று கேட்டதும் மாட்டிக்கொள்வோம். உங்களுக்கே நடக்காத ஒன்று பேச்சுக்கு அவசியம் என்றால், "என்கூட வேலை பார்த்த ஒரு அக்கா இப்படிப் பண்ணாங்க" என்று உள்ளபடி சொல்லிவிடுங்கள்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பது

கூட்டத்தில் உட்காரப்போகிறவரைப் போன்ற ஒருவரிடம் முழுவதையும் பேசிக் காட்டுங்கள். அன்று எதுவும் கேட்காதீர்கள். மறுநாள், "நேத்து நான் என்ன சொன்னேன்?" என்று மட்டும் கேளுங்கள். "நல்லா முயற்சி பண்ணணும்னு சொன்னீங்க" என்று பதில் வந்தால் அறிவுரை இன்னும் உள்ளே இருக்கிறது, படி 2-க்குத் திரும்புங்கள். இவள் நெல்லிக்குப்பத்தில் பக்கத்து வீட்டுப் பையனிடம் பேசிக் காட்டினாள். மறுநாள் அவன், "கணக்கை முதல்ல போட்டீங்க. ஆமா, பில் பேப்பர்ல எழுதினா பேனா மை பின்பக்கம் ஊறாதாக்கா?" என்று கேட்டிருக்கிறான். பால்பாயிண்ட் பேனாவில்தான் எழுதினேன் என்று அவனுக்குச் சொன்ன பதிலையும் பேச்சில் சேர்த்துக்கொண்டாள்.